தலைசுற்ற வைத்தது 'ம்' அல்ல, அதற்கு முன் இழுத்த மூச்சு

கேள்வி: எனக்கு 52 வயது. கோயில் திருவிழாவில் வெடி கேட்டாலும், இரவில் ரோட்டில் மோட்டார் சைக்கிள் திடீரென்று உறுமினாலும் நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடும், கை நடுங்கும். டொக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து இருதயத்தில் ஒன்றுமில்லை என்றார். மகள், வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று இழுக்கச் சொல்கிறாள். நன்றாக மூச்சை இழுத்து இழுத்துச் செய்தேன், தலைசுற்றல்தான் வந்தது. போனில் மெல்லிய வீணை இசை போட்டுக்கொண்டு படுத்தேன், அதுவும் சரிவரவில்லை. இதெல்லாம் வெறும் மனப்பிரமைதானே?
– ஒரு வாசகி, கோண்டாவில்

பதில்: மனப்பிரமை இல்லை. மகள் சொன்னது சரி, நீங்கள் செய்த விதம்தான் பிழை. 'நன்றாக மூச்சை இழுத்து இழுத்து' என்று எழுதியிருக்கிறீர்களே, தலைசுற்றல் அங்கேதான் இருக்கிறது. பயந்த உடம்பு ஏற்கெனவே வேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அதன்மேல் நெஞ்சு நிறைய இழுத்து இழுத்து விட்டால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறிக் குறைந்துபோகும். அது குறைந்தால் மூளைக்குப் போகிற இரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் விறைப்பது போல இருக்கும். அதைக் கண்டு இன்னும் பயம் வரும், இன்னும் வேகமாக மூச்சு வாங்கும். 'ம்' என்று இழுப்பதில் வேலை செய்வது உள்ளே போகிற மூச்சு அல்ல, வெளியே வருகிற மூச்சு.

எப்படி என்றால், இருதயத்துக்குச் சொந்தமாக ஒரு வேகம் உண்டு. யாரும் பிடித்து வைக்காவிட்டால் இளவயதில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 தரம் துடிக்கும். அதை எழுபது, எண்பது என்று அடக்கி வைத்திருப்பது மூளையின் அடியிலிருந்து கழுத்து வழியாக இறங்கி வருகிற வேகஸ் நரம்பு. அந்த நரம்பின் பிடி மூச்சை உள்ளே இழுக்கும்போது தளரும், வெளியே விடும்போது இறுகும். உங்கள் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சை மெதுவாக, நீளமாக விட்டுப் பாருங்கள். துடிப்புகளுக்கு இடையே இருக்கும் இடைவெளி கொஞ்சம் நீள்வது விரலுக்கே தெரியலாம். (வயது ஏற ஏற இந்த வித்தியாசம் சிறுத்துவிடும். தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம்.) ஆக, வெளிமூச்சு எவ்வளவு நேரம் நீள்கிறதோ அவ்வளவு நேரம் இருதயத்தின் பிரேக்கில் கால் இருக்கிறது.

சும்மா 'மெதுவாக மூச்சை விடு' என்று பயந்த மனுசருக்குச் சொன்னால் அது முடியாது. ஒரே நொடியில் எல்லாம் புஸ்ஸென்று போய்விடும். 'ம்' என்று குரல் கொடுக்கும்போது குரல்நாண்கள் நெருங்கி வந்து காற்றுக்கு வழியைக் குறுக்கிவிடுகின்றன. வாயும் மூடியிருப்பதால் காற்று மூக்கால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியேறும். நீங்கள் முயற்சி எடுக்காமலே வெளிமூச்சு நீண்டுவிடும். பாட்டும் இதையேதான் செய்கிறது, ஒரு வரி முடியும் வரை மூச்சைப் பிடித்துப் பிடித்துச் செலவழிக்க வைக்கிறது.

இத்தாலியில் சில ஆய்வாளர்கள் 23 பேரை வைத்து இதை அளந்து, 2001 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டார்கள். லத்தீனில் செபமாலை சொல்லும்போதும், ஒரு திபெத்திய மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போதும் அவர்களுடைய மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. அதாவது ஒரு மூச்சுக்குப் பத்துச் செக்கன். கழுத்து நாடியிலும் இருதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியிலும் இரத்த அழுத்தத்தை உணர்கிற இடங்கள் இருக்கின்றன. அவையும் இருதயமும் ஒன்றோடொன்று இசைந்து போகிற தாளமும் அந்தப் பத்துச் செக்கன்தான். பாசையூரிலோ குருநகரிலோ பின்னேரம் செபமாலை சொல்வதைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மீதியைச் சொல்வார்கள். மற்றவரின் முறையில் உங்களுக்குத் தானாக உள்மூச்சு, உங்கள் முறையில் நீண்ட வெளிமூச்சு. கோயில் பஜனையில் ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடுவதிலும் அதே ஒழுங்கு. எந்தச் சமயம் என்று வேகஸ் நரம்பு பார்ப்பதில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது பங்கருக்குள் அம்மம்மா வாய்க்குள்ளேயே தேவாரம் முணுமுணுப்பார். கடவுளைக் கூப்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன், கூப்பிட்டவர்தான். ஆனால் அவர் மடியில் தலைவைத்துக் கிடந்த எனக்கு அந்த வயிறு மெதுவாக ஏறி இறங்குவது கன்னத்தில் தெரியும். கொஞ்ச நேரத்தில் என் மூச்சும் அதோடு சேர்ந்துவிடும். அந்த வெளிமூச்சின் நீளம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சரி, செய்கிற முறைக்கு வருவோம். முதுகு சாய்கிற கதிரையில் இருங்கள். வாயை மூடி, பல்லைக் கடிக்காமல் தாடையைத் தளர விடுங்கள். முதலில் உள்ளே இருக்கிற காற்றை 'ம்' என்று வெளியே விடுங்கள், இழுப்பதில் தொடங்காதீர்கள். பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கேட்காத சத்தம் போதும். சுருதி நீங்கள் சாதாரணமாகக் கதைப்பதை விடக் கொஞ்சம் கீழே இருக்கட்டும். அப்புறம் உள்மூச்சை இழுக்க வேண்டாம், மூக்கால் வர விடுங்கள். சின்னதாகவே வரும், அது போதும். தொடக்கத்தில் உங்கள் 'ம்' மூன்று, நான்கு செக்கனில் முடிந்துவிடும். ஏழு செக்கனுக்கு நீட்டவேண்டும் என்று முக்காதீர்கள். கடைசியில் குரல் நடுங்கினாலோ, முடிந்தவுடன் காற்றுக்கு ஏங்கினாலோ நீட்டியது அதிகம் என்று அர்த்தம். அடுத்ததை ஒரு செக்கன் குறையுங்கள். தலை கிறுகிறுத்தால் நிறுத்திவிட்டு வழக்கம்போல மூச்சு விடுங்கள், இரண்டு நிமிடத்தில் தெளியும். 'ம்' சலிப்பாக இருந்தால், பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஒரு தேவாரத்தை வரிக்கு ஒரு மூச்சாக, கீழ்ச் சுருதியில் பாடுங்கள். உச்சஸ்தாயியில் உரத்துப் பாடுவது உடம்புக்கு வேலை, அதில் நாடி ஏறத்தான் செய்யும்.

எவ்வளவு நேரம் என்பதில்தான் பலர் கைவிடுகிறார்கள். என் அக்காவுக்கும் உங்களைப் போலத்தான், இடி இடித்தால் உடம்பு உதறும். போன மாரியில் ஒரு நாள் நாடியை எண்ணினோம், 108. 'ம்' இழுத்து இரண்டு நிமிடம் கழித்து எண்ணினால் 104. "இதில் ஒண்டும் இல்லையடா" என்று எழும்பப் பார்த்தார். இருக்கச் சொன்னேன். நான்கு செக்கனாக இருந்த 'ம்' ஆறாகியிருந்தது. எட்டாவது நிமிடத்தில் 84, வறண்டிருந்த வாயில் உமிழ்நீர் ஊறியிருந்தது. காரணம் இதுதான்: வேகஸ் நரம்பு அடுத்த துடிப்பிலேயே வேலை செய்யும், ஆனால் பயத்தில் இரத்தத்தில் இறங்கிய அதிரினலின் வடிய நிமிடக் கணக்காகும். அது வடியும் வரை பத்து நிமிடமாவது இருக்கவேண்டும். அந்த நேரத்தில் நிமிடத்துக்கு நிமிடம் நாடியைப் பிடித்துப் பார்க்காதீர்கள், பார்ப்பதே பதற்றம். தொடக்கத்தில் ஒரு தரம், கடைசியில் ஒரு தரம் போதும்.

வீணை இசைக்கு வருகிறேன். கேட்பது பாடுவதை விடப் பலம் குறைந்தது, ஏனென்றால் அது உங்கள் மூச்சைக் கையில் எடுப்பதில்லை. ஆனால் பயனற்றது அல்ல. அதே இத்தாலியக் குழுவைச் சேர்ந்தவர்கள் 2006 இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், இசையின் வகையை விட அதன் வேகமே மூச்சையும் நாடியையும் ஏற்றி இறக்கியது. இடையில் இசையை நிறுத்தி இரண்டு நிமிடம் அமைதியாக விட்டபோது, கேட்கத் தொடங்குவதற்கு முன் இருந்ததையும் விட நாடி இறங்கியது. ஆகவே இரவு முழுக்க ஓட விடாதீர்கள். நடுவில் விளம்பரம் வந்து அலறும், அடுத்து என்ன பாட்டு வரும் என்று உங்களுக்குத் தெரியாது, உங்கள் உடம்போ திடீர்ச் சத்தத்துக்கே பயப்படுகிறது. போனில் ஏற்கெனவே இறக்கி வைத்த ஒரே ஒரு விளம்ப கால ஆலாபனையைப் பத்து நிமிடம் கேளுங்கள். பிறகு நிறுத்துங்கள். நிறுத்தியதும் எழும்பாமல் அப்படியே இருங்கள். தவில் தனியாவர்த்தனம் எனக்கு உயிர், ஆனால் அது இதற்கு உரியதல்ல.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. அந்த ஈ.சி.ஜி. எப்போது எடுத்தது? படபடப்பு இல்லாத நேரத்தில் எடுத்தது என்றால், படபடக்கும்போது என்ன நடக்கிறது என்று அந்தக் கடதாசிக்குத் தெரியாது. பயமுறுத்த ஒன்றும் இல்லாமலே, சுவிட்ச் போட்டது போலத் தொடங்கி, 150க்கு மேல் ஓடி, சுவிட்ச் நிறுத்தியது போல முடிகிறதா? அது பயப் படபடப்பின் நடை அல்ல, பயத்தில் வருவது ஏறும், பிறகு மெல்ல இறங்கும். அப்படியானால் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும். தைரொயிட்டும் இரத்தசோகையும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்தாலும் படபடப்பு வரும், அதை டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நெஞ்சு இறுகி நோவு கைக்கோ தாடைக்கோ போனால், மயக்கம் வந்தால், குளிர்ந்து வியர்த்தால் 'ம்' இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம், 1990 அம்புலன்சுக்கு எடுங்கள்.

வெடிச்சத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். எதை நினைத்து உடம்பு அதிர்கிறது என்று நம் ஊரில் யாரும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. 'ம்' அந்த நேரத்து உடம்பை இறக்கும், அந்த ஞாபகத்தை எடுக்காது. கெட்ட கனவு வருகிறது, வெடிக்குப் பயந்து திருவிழாவுக்கே போவதில்லை என்ற நிலை என்றால் யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, போங்கள். அங்கே போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பயிற்சியைப் படபடப்பு வரும் இரவில் தொடங்காதீர்கள், அப்போது உடம்பு புதிதாக ஒன்றையும் படிக்காது. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே பகலில், சாப்பாட்டுக்கு முன், ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் செய்யுங்கள். ஒரு கொப்பியில் திகதி, தொடக்க நாடி, முடிவு நாடி, எத்தனை செக்கன் 'ம்' என்று எழுதி வையுங்கள். படபடப்பு வந்த நாட்களில் அது எப்படித் தொடங்கியது, எப்படி நின்றது என்பதையும் எழுதி, அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள்.