138-ஆ, 121-ஆ, எதை எழுதி வைப்பது?

"புஷ்-அப், பிளாங்க் முடித்த கையோடு ஸ்டெப் டெஸ்ட் எடுத்தேன், நாடி 138. மறுநாள் அதை மட்டும் எடுத்தால் 121. 12 வாரப் பயிற்சிக்கு எதை ஆரம்பக் கணக்காக எழுதுவது?"

138-ஐ அடித்துவிடுங்கள். புஷ்-அப்பில் ஏறிய துடிப்பு இறங்குவதற்குள் படியேறியிருக்கிறீர்கள், அந்த எண்ணில் இரண்டும் கலந்துவிட்டது. 121-ஐயும் உடனே நம்ப வேண்டாம், இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை எடுங்கள். காலையில், டீ காபிக்கு முன்னால், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு ஸ்டெப் டெஸ்ட்தான் முதலில். படி 12 அங்குலம், மெட்ரோனோம் நிமிடத்துக்கு 96 தட்டில், ஒரு தட்டுக்கு ஓர் அடி: வலது மேலே, இடது மேலே, வலது கீழே, இடது கீழே. நிமிடத்துக்கு 24 முறை, மொத்தம் 3 நிமிடம். முடிந்ததும் உட்கார்ந்து, ஐந்து நொடிக்குள் நாடியைப் பிடித்து, முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினால் எண் கூடுதலாகத்தான் வரும், ஏனென்றால் அந்த ஒரு நிமிடத்துக்குள்ளேயே துடிப்பு இறங்கிக்கொண்டிருக்கும். நடுவில் தலை சுற்றினாலோ நெஞ்சு வலித்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் பத்து நிமிட ஓய்வு, பிறகு புஷ்-அப். தரையில் ஒரு டென்னிஸ் பந்து வையுங்கள், நெஞ்சு அதைத் தொட்டால்தான் கணக்கு. இடுப்பு தொய்ந்ததும் எண்ணிக்கை முடிந்தது. கடைசியாகப் பிளாங்க். அதிலும் உடல் நடுங்குவது பரவாயில்லை, இடுப்பு இறங்கும் நொடியில் கடிகாரத்தை நிறுத்த வேண்டும், அதைப் பார்க்கப் பக்கவாட்டில் ஃபோனை வைத்து வீடியோ எடுங்கள். எண்களோடு படியின் உயரம், நேரம், வரிசை மூன்றையும் எழுதிவையுங்கள். 12-ஆவது வாரம் அப்படியே செய்தால்தான் ஒப்பிட முடியும்.