கான்வெக்சிட்டி சேர்த்த பிறகும் ஏன் இடிக்கிறது?

அன்புள்ள ஐயா,

30 ஆண்டு முதிர்வு, ஆண்டுக்கொரு முறை 5% கூப்பன், ஈல்டு 5%, விலை 100. இந்தப் பாண்டின் ஈல்டு 8% ஆனால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். மாடிஃபைட் டியூரேஷன் 15.37, அதன்படி 46.1% சரிவு. கான்வெக்சிட்டி 350.5, அது 15.8% திருப்பித் தருகிறது. ஆக, சரிவு 30.3%. ஆனால் முழு விலையைக் கணக்கிட்டால் சரிவு 33.8%. எங்கே தவறினேன்? சூத்திரத்தில் வரும் ½ஐ விட்டுவிட வேண்டுமா? கான்வெக்சிட்டி சேர்த்தால் பாதுகாப்பான பக்கம் நிற்போம் என்றுதானே படித்தோம்? கான்வெக்சிட்டி அதிகமுள்ள பாண்டாகப் பார்த்து வாங்கலாமா?

க.

அன்புள்ள க.,

நீங்கள் எங்கும் தவறவில்லை. முழு விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களே, அதற்கே உங்களைத் தட்டிக்கொடுக்க வேண்டும். ½ஐத் தொடாதீர்கள். அதை எடுத்தால் சரிவு 14.6% என்று வரும், இன்னும் மோசம். எதை வாங்கலாம் என்பது வேறு பேச்சு, இங்கே வேண்டாம்.

ஆனால் ‘பாதுகாப்பான பக்கம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. யார் சொன்னது? உங்கள் கையில் இருக்கும் எண்களே அதை மறுக்கின்றன. டியூரேஷன் மட்டும் போட்டபோது நட்டத்தை உண்மையைவிடப் பெரிதாகக் காட்டியது. கான்வெக்சிட்டியைச் சேர்த்ததும் சிறிதாகக் காட்டுகிறது. பிழையின் அளவு குறைந்தது, திசை மாறிவிட்டது. ரிஸ்க் பார்க்கிறவருக்கு அளவைவிடத் திசை முக்கியம் இல்லையா?

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் மாதாந்திர அறிக்கையில் ‘கான்வெக்சிட்டி சேர்த்த நட்டம்’ என்று ஒரு பத்தி இருக்கும். ஈல்டு 3% ஏறினால் என்ன ஆகும் என்ற கணக்கு அது. அதைத்தான் மிக மோசமான நிலை என்று எல்லோரும் வாசித்தார்கள். உண்மையான நட்டம் அதைவிடப் பெரிதாக இருக்கும் என்று நான் சொன்னபோது, “திருத்தியாச்சே, அப்புறம் என்ன?” என்றார் மேலதிகாரி. அந்தப் பதில் இன்றும் எரிச்சலூட்டுகிறது.

காரணம் இதுதான். 350.5 என்பது ஈல்டு 5%இல் நிற்கும்போது எடுத்த அளவு. ஈல்டு ஏற ஏற, தொலைவில் வரும் பணத்தின் இன்றைய மதிப்பு சுருங்குகிறது. கடைசி ஆண்டில் வரும் 100ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 5%இல் அதன் இன்றைய மதிப்பு 23.1, 8%இல் வெறும் 9.9. விலைக்கோட்டின் வளைவில் பெரும்பங்கு அந்தத் தொலைவுப் பணத்திலிருந்துதான் வருகிறது. அது கரையும்போது வளைவும் தணிகிறது. அதே பாண்டின் கான்வெக்சிட்டி 8%இல் ஏறக்குறைய 245தான். நீங்களோ 3% தூரம் முழுவதற்கும் 350.5ஐயே கொடுத்திருக்கிறீர்கள். வழியில் இல்லாமல் போன வளைவுக்கும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தால் நட்டம் குறைவாகத்தான் தெரியும்.

இறங்கும் பக்கம் போட்டுப் பார்த்தீர்களா? ஈல்டு 2% ஆனால் உங்கள் கணக்கு 161.9 என்று சொல்லும். உண்மை விலை 167.2. அங்கே கான்வெக்சிட்டி ஏறத்தாழ 478க்குப் போய்விடுகிறது, அதனால் லாபத்தைக் குறைத்துக் காட்டுகிறது. குறைத்துக் காட்டிய லாபம் யாரையும் கவிழ்ப்பதில்லை. குறைத்துக் காட்டிய நட்டம் கவிழ்க்கும்.

இந்தப் பிழை ஏறக்குறைய ஈல்டு மாற்றத்தின் மூன்றாம் அடுக்கோடு வளர்வது. அரை சதவீத ஏற்றத்துக்கு நீங்கள் போட்ட வழியில் 92.75 வரும், உண்மை 92.73. அங்கே யாரும் குறை சொல்ல முடியாது. 1% ஏற்றத்தில் இடைவெளி 0.14. 3%இல் 3.4. ‘3% எல்லாம் எங்கே ஏறப்போகிறது’ என்று நினைக்காதீர்கள். 2020இல் 1.5%க்கும் கீழே இருந்த அமெரிக்க 30 ஆண்டு அரசுப் பத்திர ஈல்டு, 2023 அக்டோபரில் 5%ஐத் தொட்டது.

சரி, என்ன செய்யலாம்? மூன்றாவது உறுப்பைச் சேர்க்கலாம்தான், ஆனால் எதற்கு? கூப்பனும் முதிர்வும் தெரிந்த ஒற்றைப் பாண்டுக்கு முழு விலை ஒரே வரி:

```
=-PV(8%,30,5,100)
```

66.23. முடிந்தது. பாண்டுகளின் விவரம் கையில் இல்லாமல், மொத்தத் தொகுப்பின் டியூரேஷனும் கான்வெக்சிட்டியும் மட்டும் கிடைத்தால் அப்போது சூத்திரத்துக்குப் போங்கள். அந்த இடத்திலும் ஈல்டு பெரிதாக ஏறும் கணக்கென்றால், இரண்டு உறுப்போடு நின்ற விடை நட்டத்தைக் குறைத்துச் சொல்கிறது என்று பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

பிறர் கொடுக்கும் கான்வெக்சிட்டி எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். சில திரைகளில் அதை 100ஆல் வகுத்து 3.505 என்று காட்டுவார்கள். அதைத் தெரியாமல் போட்டால் திருத்தம் 0.16% என்று வந்து நிற்கும். சரிபார்க்க, ஈல்டை 1% மேலும் கீழும் நகர்த்தி இரு விலைகளையும் எடுங்கள்: 86.24, 117.29. இரண்டையும் கூட்டி, 200ஐக் கழித்து, வருவதை 0.01ஆல் வகுங்கள். 353 வரும். 350.5க்குப் பக்கத்தில் இருப்பதால் உங்கள் எண் சரி. 3.5 என்று இருந்திருந்தால், அலகு வேறு என்று அப்போதே தெரிந்திருக்கும்.