பஸ்ராவில் பசித்த மாணவர்

கேள்வி: அந்தக் காலத்தில் நபிமொழிகளான ஹதீஸ்களைக் கேட்க மாணவர்கள் ஊர் ஊராகப் போனார்களாமே? ஒரு உண்மைக் கதை சொல்லுங்களேன்.

அபூ ஹாதிம் அர்ராஸீயின் கதையைச் சொல்கிறேன். இப்போதைய தெஹ்ரானை ஒட்டியிருந்த ரய் நகரத்துக்காரர். ஹிஜ்ரி 213-ல், பதினெட்டு வயதில் கிளம்பியவர் ஏழு வருடம் ஊர் திரும்பவில்லை. நடந்த தூரத்தை ஆயிரம் ஃபர்ஸக் வரை எண்ணிவிட்டு, அப்புறம் எண்ணுவதையே விட்டுவிட்டாராம். ஒரு ஃபர்ஸக் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல்!

இவ்வளவு தூரம் ஏன்? ஹதீஸுக்கு, யார் யாரிடம் கேட்டுச் சொன்னார் என்ற அறிவிப்பாளர் வரிசைதான் உயிர். ஆசிரியரின் வாயிலிருந்தே நேரில் கேட்டால் இடையில் ஒரு ஆள் குறைவார், பிழை நுழையும் வாய்ப்பும் குறையும்.

ஹிஜ்ரி 214-ல் இராக்கின் பஸ்ரா நகரில் ஒரு வருடம் தங்க நினைத்தார். எட்டாவது மாதத்தில் காசு தீர்ந்தது. உடுத்தும் துணிகளை ஒவ்வொன்றாக விற்றார், அதுவும் தீர்ந்தது. அப்படியும் நண்பரோடு ஆசிரியர் ஆசிரியராகப் போய் மாலைவரை ஹதீஸ் கேட்பார். வெறும் வீட்டுக்குத் திரும்பித் தண்ணீரைக் குடித்துப் படுப்பார். மறுநாளும் பட்டினியோடு பாடம். அடுத்த நாள் விடிகாலை நண்பர் வந்து கூப்பிட்டபோது எழ முடியவில்லை.

“உடம்புக்கு என்ன?”

“மறைக்க மாட்டேன். இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை.”

“என்னிடம் ஒரு தீனார் இருக்கிறது. பாதி உனக்கு, மீதி நம் பயண வாடகைக்கு.”

அந்த அரைத் தீனாரோடு இருவரும் பஸ்ராவை விட்டுக் கிளம்பினார்கள். தந்தை சொல்ல இதைக் கேட்டு எழுதிவைத்தவர் அவருடைய மகன் இப்னு அபீ ஹாதிம்.