விற்பனை 25 சதவீதம் கூடியது, கடை வளர்ந்ததா?

கேள்வி: மயிலாப்பூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அரிசி, துவரம் பருப்பு, கடலை எண்ணெய், காபித்தூள், இந்த நான்கில்தான் பெரும்பாலான வியாபாரம். இவற்றின் விற்பனை 2021-22இல் 60 லட்சம், 2024-25இல் 75 லட்சம். நல்ல வளர்ச்சி என்று நினைத்தேன். ஆடிட்டரோ, 'விலைவாசியைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள்' என்கிறார். அதை எப்படிக் கழிப்பது? அரசு வெளியிடும் விலைவாசிக் குறியீட்டை வைத்துக் கழித்தால் போதுமா?

பதில்: போதாது. அந்தக் குறியீட்டை வைத்தால் என்ன விடை வரும் என்று முதலில் பார்த்துவிடுவோம்.

நாடு முழுவதற்குமான நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி சில்லறைப் பணவீக்கம் 2022-23இல் 6.7, 2023-24இல் 5.4, 2024-25இல் 4.6 சதவீதம். இவற்றைக் கூட்டக் கூடாது, ஒன்றின் மேல் ஒன்றாகப் பெருக்க வேண்டும். 1.067 × 1.054 × 1.046 என்று பெருக்கினால் 1.176 வரும். 75 லட்சத்தை இதால் வகுத்தால் 63.8 லட்சம். அதாவது, விலையேற்றம் போக 6 சதவீதம் வளர்ந்திருக்கிறீர்கள் என்று அது சொல்லும். ஆனால் அந்தக் குறியீட்டுக்குள் வீட்டு வாடகை, மருத்துவச் செலவு, துணிமணி, பஸ் கட்டணம் எல்லாம் இருக்கின்றன. அவற்றை நீங்கள் விற்கவில்லை. உங்கள் கடைக்கு உங்கள் சரக்கின் விலைக் குறியீடுதான் வேண்டும். அதை நீங்களே போடலாம். நீங்கள் அனுப்பிய விவரம் இது (விலை ரூபாயில், கிலோ அல்லது லிட்டருக்கு; விற்பனை லட்சத்தில்):

| சரக்கு | விலை 2021-22 | விலை 2024-25 | விற்பனை 2021-22 | விற்பனை 2024-25 |
|---|---|---|---|---|
| அரிசி | 50 | 60 | 24.0 | 27.6 |
| துவரம் பருப்பு | 110 | 165 | 12.0 | 16.5 |
| கடலை எண்ணெய் | 180 | 189 | 15.0 | 18.9 |
| காபித்தூள் | 400 | 600 | 9.0 | 12.0 |

நான்கு விலைகளையும் கூட்டி ஒப்பிட்டால் என்ன என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அன்று 740, இன்று 1,014. அன்றைய கூட்டுத்தொகையை 100 என்று வைத்தால் இன்றைய குறியீடு 137. இப்போது காபித்தூளுக்கு மட்டும் கிலோ விலைக்குப் பதிலாக 100 கிராம் விலையைப் போடுங்கள். அன்று 40, இன்று 60. கூட்டுத்தொகை 380, 474. குறியீடு 125 ஆகிவிடுகிறது! கடையில் எதுவும் மாறவில்லை, அளவு எழுதிய விதம் மட்டும்தான் மாறியது. அதற்கே குறியீடு 12 புள்ளி இறங்குகிறது என்றால் அந்த முறையை நம்ப முடியாது.

அதனால் ஒவ்வொரு சரக்குக்கும் இன்றைய விலையை அன்றைய விலையால் வகுத்து விகிதமாக்குங்கள். அரிசி 1.20, பருப்பு 1.50, எண்ணெய் 1.05, காபித்தூள் 1.50. இதில் கிலோவா, 100 கிராமா என்ற பிரச்சினையே வராது. அடுத்து, எந்தச் சரக்குக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்ற கேள்வி. அதற்கு விற்பனையில் அதன் பங்குதான் அளவுகோல். இதைத்தான் எடை என்கிறோம். 2021-22 விற்பனையில் அரிசி 40 சதவீதம், பருப்பு 20, எண்ணெய் 25, காபித்தூள் 15. விகிதங்களை இந்த எடைகளால் பெருக்கிக் கூட்டினால்:

```
0.40×1.20 + 0.20×1.50 + 0.25×1.05 + 0.15×1.50 = 1.2675
```

குறியீட்டெண் 126.75. அடிப்படை ஆண்டின் எடைகளை வைத்துக் கணக்கிடும் இந்த முறையை 1871இல் முன்வைத்தவர் லாஸ்பியர் என்ற ஜெர்மானியப் பொருளியலாளர்.

இப்போது 75 லட்சத்தை 1.2675ஆல் வகுங்கள். 59.17 லட்சம் வரும். 75 லட்சத்திலிருந்து 26.75 சதவீதத்தைக் கழித்துவிடாதீர்கள். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அது சுமார் 55 லட்சம் என்று காட்டி, இல்லாத நஷ்டத்தை உண்டாக்கிவிடும். விலை ஏறியது பெருக்கலாக, ஆகவே அதை நீக்குவதும் வகுத்தலாகத்தான் இருக்க வேண்டும்.

60 லட்சம் 59.17 ஆகியிருக்கிறது. அப்படியானால் வியாபாரம் லேசாகச் சரிந்திருக்கிறதா? அவசரப்பட வேண்டாம். இந்தக் குறியீடு, இன்றும் மக்கள் அன்று வாங்கிய அதே விகிதத்தில்தான் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்கிறது. உங்களிடம் அப்படி நடக்கவில்லை. ஒவ்வொரு சரக்கின் இன்றைய விற்பனையையும் அதனதன் விகிதத்தால் தனித்தனியாக வகுத்துப் பாருங்கள். அரிசி 23 லட்சம், பருப்பு 11, எண்ணெய் 18, காபித்தூள் 8. மொத்தம் சரியாக 60 லட்சம். இன்று விற்ற சரக்கு அத்தனையையும் 2021-22 விலைக்கே விற்றிருந்தால் கல்லாவில் விழுந்திருக்கும் தொகை இது. 75ஐ 60ஆல் வகுத்தால் குறியீடு 125. இன்றைய அளவுகளையே எடையாகக் கொள்ளும் இந்த முறையை 1874இல் பாஷே என்பவர் முன்வைத்தார்.

விற்பனையிலிருந்து விலையேற்றத்தை நீக்குவதற்கு நான் இரண்டாவது முறையைத்தான் சொல்வேன். சரக்கு வாரியாக விற்பனை விவரம் கையில் இருக்கும்போது முதல் முறைக்குத் தேவையே இல்லை. அந்த விவரம் இல்லாதவர்களுக்குத்தான் லாஸ்பியர் முறை கைகொடுக்கும். விலை அதிகம் ஏறிய சரக்கை மக்கள் குறைத்து வாங்குவது வழக்கம். அப்போது லாஸ்பியர் குறியீடு விலையேற்றத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும், உங்களுடையதில் 1.75 புள்ளி காட்டியதைப் போல. ஆக உங்கள் வியாபாரம் வளரவும் இல்லை, தேயவும் இல்லை. கூடிய 15 லட்சமும் விலையால் வந்தது.

இந்தக் கணக்கு நிற்க வேண்டுமானால் உள்ளே போகும் எண்கள் சுத்தமாக இருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஜிஎஸ்டி. 2022 ஜூலை 18 முதல், பேக் செய்து லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசி, பருப்புக்கு 5 சதவீத வரி வந்தது. அதற்கு முன் பதிவு செய்த பிராண்டுகளுக்குத்தான் வரி. நீங்கள் பில் தொகையை அப்படியே கூட்டியிருந்தால், 2024-25 விற்பனைக்குள் 2021-22இல் இல்லாத வரி கலந்திருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கும் வரிக்கு முந்தைய தொகையை எடுங்கள், விலைகளையும் அப்படியே.

விலை என்பது மார்ச் மாத விலை அல்ல, ஆண்டு முழுவதற்குமான சராசரி. பில்லிங் சாஃப்ட்வேரில் ஆண்டு விற்பனைத் தொகையை விற்ற கிலோவால் வகுத்தால் கிடைத்துவிடும். ஆனால் 'அரிசி' என்று மொத்தமாக வகுக்காதீர்கள். பொன்னி வாங்கியவர்கள் மலிவான ரகத்துக்கு மாறியிருந்தால், பொன்னியின் விலை ஏறியிருந்தும் சராசரி ஏறாததுபோலத் தெரியும். பொன்னி, இட்லி அரிசி, பச்சரிசி எல்லாவற்றையும் தனித்தனி வரியாகப் போடுங்கள். பாக்கெட் சரக்கில் எடை குறைந்து விலை அப்படியே இருந்தால் அதுவும் விலையேற்றம்தான். அங்கே பாக்கெட் விலையை விட்டுவிட்டுக் கிராம் விலையை எடுக்க வேண்டும்.

அப்புறம், எண்ணெயைப் பற்றி ஒரு விஷயம். நான்கில் அது ஒன்றுதான் வளர்ந்திருக்கிறது, 15 லட்சத்திலிருந்து 18 லட்சமாக, 20 சதவீதம். மற்ற மூன்றும் இறங்கியிருக்கின்றன. எண்ணெய் விகிதம் 1.05 மட்டும் என்பதற்குக் காரணம் விலை ஏறவில்லை என்பதல்ல. 2021-22இல் உலகச் சந்தையிலேயே சமையல் எண்ணெய் விலை மிக உயரத்தில் இருந்தது. உயரத்தில் நின்ற விலையை அடிப்படையாக வைத்துவிட்டால் பிந்தைய ஏற்றம் சிறிதாகத்தான் தெரியும். உங்களிடம் 2019-20 கணக்கும் இருந்தால், எண்ணெயை மட்டும் அந்த ஆண்டை அடிப்படையாக வைத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். அந்த 20 சதவீதம் கடைக்குப் புதிய வாடிக்கையாளர்கள் வந்ததாலா, அல்லது 2021-22இல் விலைக்குப் பயந்து எண்ணெயைக் குறைத்தவர்கள் பழைய அளவுக்குத் திரும்பியதாலா என்பது அதில் தெரிந்துவிடும்.