சுவர் தடித்திருக்கிறது, ஈசிஜி அலை சிறுத்திருக்கிறது

“அப்பாவுக்கு 76. எக்கோவில் இதயச் சுவர் 16 மிமீ, பம்பிங் 55%. ஈசிஜியில் லோ வோல்டேஜ். பழைய பிரஷரால் வந்த தடிப்பு என்கிறார்கள். இப்போது பிரஷர் மாத்திரை போட்டாலே தலைசுற்றுகிறது. இரண்டு கையிலும் கார்பல் டனல் ஆபரேஷன் ஆனவர். வேறு காரணம் இருக்குமா?”

இருக்கலாம். பிரஷரால் தசை பெருத்திருந்தால் ஈசிஜி அலைகள் பெரும்பாலும் உயரும். இங்கே சுவர் தடித்தும் அலை சிறுத்திருக்கிறது. தடிப்பு தசையல்ல, தசைகளுக்கிடையே படிந்த அமிலாய்டு எனும் உருக்குலைந்த புரதம் என்று சந்தேகிக்க இதுவே முதல் காரணம். (அலை சரியாக இருந்தாலும் நோய் இல்லையென்று ஆகாது.) அதே புரதம் மணிக்கட்டிலும் படியும்; கை மரப்பு இதயக் கோளாறுக்குப் பல ஆண்டுகள் முன்பே வருவதுண்டு. பம்பிங் 55% என்பதில் ஏமாற வேண்டாம். விறைத்த இதயத்துக்குள் நிரம்பும் ரத்தமே குறைவு, அதனால்தான் மாத்திரை தாங்கவில்லை. அதை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எக்கோவில், இதயத் தசை பகுதி பகுதியாக எவ்வளவு சுருங்குகிறது என்று அளக்கும் ‘ஸ்ட்ரெய்ன்’ பார்த்தார்களா என்று கேளுங்கள். நுனிப்பகுதி நன்றாகச் சுருங்கி, அடிப்பகுதி மந்தமாக இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

அடுத்து, அமிலாய்டு படிந்த இதயத்திலும் ஒட்டும் மருந்தைச் செலுத்திப் படமெடுக்கும் பைரோபாஸ்பேட் எலும்பு ஸ்கேன் எழுதுவார்கள். அதோடு எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் கோளாறான புரதத்தைத் தேடும் சோதனைகளும் கட்டாயம் வேண்டும்: ரத்தத்தில் ஃப்ரீ லைட் செயின்; ரத்தம், சிறுநீர் இரண்டிலும் இம்யூனோஃபிக்சேஷன். பலர் தவறுவது இங்கேதான். மஜ்ஜைக் கோளாறால் வரும் ஏஎல் வகை அமிலாய்டு நோயிலும் ஸ்கேன் பாசிட்டிவ் காட்டலாம். அதற்குக் கீமோ தாமதமானால் ஆபத்து. ரத்த, சிறுநீர்ச் சோதனைகள் சுத்தமாக இருந்து, ஸ்பெக்ட் எனும் முப்பரிமாணப் படத்தில் இதயத் தசையே எலும்பளவோ அதற்கு மேலோ ஒளிர்ந்தால், அது கல்லீரல் சுரக்கும் டிரான்ஸ்தைரெட்டின் புரதத்தால் வரும் வகை. பயாப்ஸி பெரும்பாலும் தேவைப்படாது. அந்தச் சோதனைகள் அசாதாரணமாக வந்தால் ஸ்கேனை நம்பி நிற்காமல் உடனே ரத்தநோய் நிபுணர்.