புதுத் தையல் பக்கத்தில் முதலில் என்ன போடுவது?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் வீட்டிலேயே பிளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். இன்ஸ்டாகிராமில் இப்போதுதான் பக்கம் திறந்தேன். பயோவில் என்ன எழுதுவது? முதல் பதிவாக என்ன போடலாம்?

பதில்: தெரியாத ஒருவரிடம் நல்ல பட்டுத் துணியைக் கொடுக்கத் தயங்குபவர்தான் உங்கள் பக்கத்தைப் பார்க்கப் போகிறார். அளவு சரியாக வருமா, சொன்ன நாளில் கிடைக்குமா, கடைசியில் எவ்வளவு கேட்பார்கள்? இந்த மூன்றும்தான் அவர் கவலை. ‘தரமான தையல், நியாயமான விலை’ என்று எழுதினால் இதில் ஒன்றுக்கும் பதில் இல்லை.

பயோவுக்கு 150 எழுத்துகள்தான் இடம். தமிழில் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படுவதால் சீக்கிரம் தீர்ந்துவிடும். இப்படி எழுதினால் அடங்கும்:

பெண்கள் பிளவுஸ், சுடிதார் தையல்
லைனிங் பிளவுஸ் ரூ.450, 7 நாளில்
அம்மாப்பேட்டை, சேலம்
அளவு ஜாக்கெட் கொடுத்தால் போதும்

விலையும் நாளும் உங்கள் கணக்குப்படி மாற்றிக்கொள்ளுங்கள். கல்யாண சீசனில் 7 நாள் முடியாதென்றால் அப்போதே பயோவையும் திருத்திவிடுங்கள். புரொஃபைலைத் திருத்தும் இடத்தில், யூசர்நேமுக்கு மேல் தனியாக ஒரு பெயர்க் கட்டம் இருக்கிறது. தேடலில் அதுவும் அகப்படும். அதில் கடைப் பெயரோடு Blouse Tailor Salem என்றும் சேருங்கள். வீட்டுக் கதவு எண் வேண்டாம். ஏரியா பெயரும் வாட்ஸ்அப் இணைப்பும் போதும், ஆர்டர் உறுதியானதும் முகவரி கொடுக்கலாம்.

முதல் பதிவுக்கு நீங்களே தைத்த ஒரே ஒரு லைனிங் பிளவுஸை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் எடுத்த டிசைன் படம் கூடாது. அதைப் பார்த்து வருபவர் அதே வேலையைத்தான் எதிர்பார்ப்பார், சண்டை அங்கேதான் தொடங்கும். ஜன்னல் வெளிச்சத்தில் முன்பக்கம், கழுத்து தெரியும்படி பின்பக்கம் என இரண்டு படம் எடுங்கள். மூன்றாவது படம்தான் முக்கியம்: பிளவுஸை உள்பக்கம் திருப்பி, பக்கத் தையலைக் கிட்டத்தில் எடுங்கள். ஓரம் ஓவர்லாக் அடித்திருப்பதும், பிறகு தளர்த்த உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டிருப்பதும் தெரிய வேண்டும். தையல் தெரிந்தவர்கள் கடையில் முதலில் திருப்பிப் பார்ப்பது அதைத்தான்.

படத்தின் கீழே அந்த பிளவுஸின் கணக்கை முழுதாக எழுதுங்கள். 450 ரூபாயில் லைனிங் துணியும் ஹூக்கும் அடக்கமா, பைப்பிங் வைத்தால் எவ்வளவு கூடும், சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கத் தனிக் காசா? லைனிங்கை நனைத்துக் காயவைத்துத்தான் வெட்டுவீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். நனைக்காத காட்டன் லைனிங் முதல் துவைப்பில் சுருங்கி மேல்துணியை இழுக்கும், அதில் ஏற்கெனவே பட்டவர்கள் நிறையப் பேர். அப்புறம், தைத்து வாங்கிய பிறகு இறுக்கிப் பிடித்தாலோ தொளதொளத்தாலோ எத்தனை நாளுக்குள் கொண்டுவந்தால் இலவசமாகச் சரிசெய்வீர்கள் என்று ஒரு வரி.

‘விலைக்கு மெசேஜ் செய்யவும்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அதைப் பார்த்தவுடன் பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள். இந்தப் பதிவைப் பக்கத்தின் உச்சியில் பின் செய்து வையுங்கள், விலை ஏறும்போது மறக்காமல் திருத்துங்கள்.