முதலில் பகடை உருட்டுபவர் வெல்லும் வாய்ப்பு

கேள்வி: இரண்டு பேர் மாறி மாறிப் பகடை உருட்டுகிறோம். முதலில் ஆறு போடுபவருக்கு வெற்றி. ஆட்டத்தைத் தொடங்குபவர் வெல்லும் நிகழ்தகவு என்ன?

பதில்: 6/11, அதாவது சுமார் 54.5%.

முடிவிலாத் தொடரைக் கூட்டியும் இதைப் பெறலாம். எனக்குப் பிடித்தது இந்தக் குறுக்குவழி. தொடங்குபவர் வெல்லும் வாய்ப்பு p என்று வைப்போம். அவருக்கு முதல் உருட்டலில் ஆறு விழாமல் போக வாய்ப்பு 5/6. விழாவிட்டால் பகடை அடுத்தவர் கைக்குப் போகிறது. இப்போது அவர்தான் புதிதாகத் தொடங்குபவர், அவர் வெல்லும் வாய்ப்பும் அதே p. பகடைக்கு நினைவு கிடையாது என்பதால்தான் இப்படிச் சொல்ல முடிகிறது. ஆகவே இரண்டாமவர் வெல்லும் வாய்ப்பு 5p/6.

சரி, ஆட்டம் முடியாமலே போகுமா? அதன் நிகழ்தகவு பூஜ்யம். அதனால் p + 5p/6 = 1, p = 6/11.